சன்ஸ்கிரீனால வைட்டமின் டி குறையுமா? என் ரிப்போர்ட் கதை

முகத்துல மங்கு வந்ததுல இருந்து தினமும் சன்ஸ்கிரீன் போடுறேன், எஸ்பிஎஃப் 50. கால் வலி, அசதின்னு டெஸ்ட் எடுத்தப்போ வைட்டமின் டி 11னு வந்துச்சு, 20க்குக் கீழ போனாலே குறைபாடு. வீட்ல எல்லாரும் "அந்த க்ரீம்தான்டி காரணம், முதல்ல தூக்கிப்போடு"ன்னாங்க.

டாக்டர் மேடம் க்ரீமைப் பத்தி ஒரே கேள்விதான் கேட்டாங்க, ஒரு ட்யூப் எவ்ளோ நாள் வருதுன்னு. 50 கிராம் ட்யூப் மூணு நாலு மாசம் வரும்னேன். சிரிச்சாங்க. முகம் கழுத்துக்கு ரெண்டு விரல் நீளம், அதாவது கிட்டத்தட்ட ஒரு கிராம் போட்டா ரெண்டு மாசத்துக்குள்ள தீர்ந்துடணுமாம், அப்போ நான் போடுறது பாதிதான், அதுவும் முகத்துல மட்டும். சரி கை காலுக்கு வெயில் படுதான்னா, ஸ்கூட்டில முழுக்கை கோட்டு, க்ளவுஸ், துப்பட்டா, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஆபீஸ். ஜன்னல் பக்கம்தான் உக்காருறேன் மேடம்னேன், வைட்டமின் டி தயாரிக்கற யூவிபி கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது, மங்கை அதிகமாக்குற யூவிஏ மட்டும் நல்லா வரும்னாங்க. கேக்கவே கடுப்பா இருந்துச்சு.

அதுக்காக சன்ஸ்கிரீனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னும் இல்ல. ஆஸ்திரேலியாவுல ஒரு வருஷம் தினமும் 50+ போட வச்சுப் பாத்த ஆய்வுல, போட்டவங்களுக்குக் கொஞ்சம் குறைஞ்சுதான் இருந்துச்சு, ஆனா வித்தியாசம் நம்ம ரிப்போர்ட் கணக்குல சுமார் 2 பாயிண்ட்தான். என்னோட 11க்கு அது பதில் இல்ல.

வெயில் எவ்ளோ வேணும்னா, காலைல ஏழு மணி இளவெயில் இதுக்கு உதவாதுங்க, சாய்வா வர்றதால யூவிபி ரொம்பக் கம்மி. திருப்பதில பண்ண ஆய்வுல 11 மணில இருந்து 2 மணி வரைக்கும்தான் நல்லா உற்பத்தி ஆச்சு. நிழல் நம்ம உயரத்தைவிடக் குட்டையா இருக்கணும், அதான் அடையாளம். மாநிறத் தோலுக்கு மெலனின் தடுக்குறதால வெள்ளைக்காரங்களைவிட அதிக நேரம் ஆகும், கையும் காலும் தெரியற மாதிரி வாரத்துல சில நாள் அரைமணி நேரம்னு எனக்குச் சொன்னாங்க. அதுக்கு மேல வறுத்தாலும் பிரயோஜனம் இல்ல, ஒரு அளவுக்கு அப்புறம் தோலே உருவானதை வேற பொருளா மாத்திடும்.

ஆனா 11ல இருந்து வெயிலை மட்டும் நம்பி ஏத்துறது கஷ்டம்னு 60,000 யூனிட் வைட்டமின் டி பவுடர் பாக்கெட் எழுதிக் கொடுத்தாங்க, வாரம் ஒண்ணு, எட்டு வாரம், மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் பால்ல கலந்து. வாரம் ஒண்ணுங்கறதை தினம் ஒண்ணுன்னு நினைச்சுக் குடிச்சு ரத்தத்துல கால்சியம் ஏறி வாந்தி, கிட்னி பிரச்சினைன்னு வர்றவங்க இருக்காங்களாம், சீட்டை ரெண்டு தடவை படிங்க.

மூணு மாசம் கழிச்சு 33. சன்ஸ்கிரீன் ஒரு நாளும் நிறுத்தல, இப்போ ரெண்டு விரல் அளவு போடுறேன், அதனால ட்யூப் செலவுதான் ஏறிடுச்சு.