சேர் வட்டம் போட்ட சொற்கள்

நம் தமிழ் சேர் காலமான செய்தி போன மார்கழியில் ஸ்காபரோவுக்கு வந்தது. நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அவருடைய குரல், குடை, சிவப்புப் பேனை எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் எழுத நினைப்பது ஒன்பதாம் வகுப்பில் நடந்த ஒரு பாடத்தை மட்டும்தான்.

'என் தாய்' என்பது கட்டுரைத் தலைப்பு. என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். என் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சேர் மூன்று வரிகளைக் கரும்பலகையில் எழுதினார்: "அம்மா காலையில் சாமான்களை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார். நல்ல கொழுந்து எடுப்பார். மாலையில் நல்ல சம்பளம் எடுப்பார்." பிறகு 'சாமான்', 'நல்ல', 'எடு' ஆகியவற்றைச் சுற்றி வட்டம் போட்டார். டவுன் பிள்ளைகள் சிரித்தார்கள். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் கூடை என்று எழுதக் கூசித்தான் சாமான் என்று எழுதியிருந்தேன். காதெல்லாம் சுட்டது.

சேர் சிரிக்கவில்லை. "என்னென்ன சாமான், சொல்லு" என்றார். கூடை, இடுப்பில் கட்டும் படங்கு, தேத்தண்ணிப் போத்தல், ரொட்டி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "படங்கு டவுன் பிள்ளைக்குத் தெரியாதே, பரீட்சைத் தாள் திருத்துறவருக்கும் தெரியாதே, என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டு அவரே எழுதினார்: "செடி கிழிக்காமலும் ஈரம் ஏறாமலும் இருக்க இடுப்பைச் சுற்றிப் படங்கைக் கட்டுவார்." அடைப்புக்குறியும் விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. வாக்கியமே அதைச் சொல்லிவிட்டது.

அடுத்தது 'நல்ல கொழுந்து'. முன்வாங்கு மாணவன் ஒருவன் எழுந்து "உன்னதமான கொழுந்து" என்றான். "உன்னதத்தைப் படமாக் கீறிக் காட்டு பார்ப்போம்" என்றார் சேர். அவருடைய சோதனை எப்போதும் அதுதான். மாற்றிய சொல்லைப் படித்தவன் கண்ணில் முன்பு தெரியாத ஒன்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மங்கலான சொல்லுக்குப் பதில் பகட்டான சொல் வந்திருக்கிறது, அவ்வளவுதான். பிறகு என்னிடம் திரும்பி, கங்காணி எதைப் பார்த்து நல்ல கொழுந்து என்பார் என்று கேட்டார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்றேன். ஏழெட்டு நாள் சுற்றுத் தப்பினால் இலை முத்திவிடும் என்றும் சொன்னேன். "இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துக் கிள்ளுவார்" என்று பலகையில் விழுந்தது. 'எடுப்பார்' என்பது கையைக் காட்டாது. 'கிள்ளுவார்' என்றதும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் தெரிந்தன.

மூன்றாவது வரியில்தான் பாடம் கனத்தது. சம்பளம் நாளாந்தம் மாலையில் எடுப்பதா என்றார். இல்லை, மாலையில் கொழுந்து நிறுப்பார்கள், பேர் போடுவார்கள், காசு மாதம் ஒருமுறைதான் என்றேன். நிறை குறைந்தால்? அரைப்பேர் என்றேன். அப்புறம் அந்த 'நல்ல' எங்கிருந்து வந்தது என்று கேட்டார். வகுப்பில் சத்தமே இல்லை. அந்த இடத்தில் வேறு சொல் தேடிப் பயனில்லை, வாக்கியத்தையே அழித்து எழுத வேண்டியிருந்தது: "நிறை குறைந்த நாளில் அம்மாவுக்கு அரைப்பேர்தான் விழும்." அதை வாசித்த டவுன் பிள்ளைகள் அரைப்பேர் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டார்கள். அரை நாள் சம்பளம் என்று சொன்னேன். அதன்பின் கூடை என்று எழுத நான் கூசியதில்லை.

எல்லா 'நல்ல'வையும் சேர் துரத்தியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டி பேசுவதாக எழுதினால் "நல்லா இரு சாமி" என்பதைத் தொடவே மாட்டார். பாட்டி அப்படித்தான் பேசுவார். இன்னொருவன் ஒரு கட்டுரையில் எல்லாச் சொல்லையும் மாற்றி வைத்தபோது, முக்கியமான இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் பழையபடியே ஆக்கினார். சும்மா பஸ் ஏறிப் போன வரிக்கு எளிய சொல்லே போதும் என்பது அவர் எண்ணம். பின்னாளில் இதைக் கைவிட்டுப் பகட்டாக எழுதிய எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். சேர் செய்ததே சரி என்று இன்றும் நம்புகிறேன்.

என் மகள் பள்ளிக்கூடத்துக்காகப் பாட்டியைப் பற்றி எழுதினாள். தேயிலைத் தோட்டத்தில் நல்ல வேலை செய்தார் என்று ஆங்கிலத்தில் எழுதி வந்தாள். உட்கார வைத்துக் கூடை, படங்கு, அரைப்பேர் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் ஆசையாகத்தான் எழுதிக்கொண்டாள். ஆனால் அந்தச் சொற்களைத் திருப்பிச் சொல்ல அவளுக்கு இங்கே ஆள் இல்லை. அங்கே சில தோட்டங்களில் இப்போது கொழுந்தைக் கத்தரியால் வெட்டுகிறார்கள். அந்த வேலையோடு சேர்ந்த பேச்சு நான் இல்லாத காலத்தில் வளர்ந்தது. என் மலைச் சொற்கள் நான் விமானம் ஏறிய வருடத்தோடு நின்றுவிட்டன. அது எனக்கு வருத்தம்தான்.

சேர் திருத்திய கட்டுரைக் கொப்பி உங்கள் யாரிடமாவது இருந்தால், பக்கங்களைப் படம் எடுத்து மலர்க்குழுவுக்கு அனுப்புங்கள். வட்டங்களும் அவர் ஓரத்தில் எழுதிய கேள்விகளும் தெளிவாகத் தெரிய வேண்டும்.