36-ஆ, 63-ஆ? நடு எண்ணைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு

குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, அதில் திறனறிவுக்கு 25. வட்டி, விகிதம் எல்லாம் ஓரளவு போட்டுவிடுவேன். முக்கோணமும் வட்டமும் வரைந்து, சுற்றி எண்களை எழுதி, நடுவில் கேள்விக்குறி போட்டிருந்தால்தான் எனக்குக் கை ஓடாது. தெரியாததுகூடப் பிரச்சினை இல்லை, தெரிந்துவிட்டது என்று நினைத்துத் தப்பாகப் போடுவதுதான் என் வியாதி.

பாளையங்கோட்டையில் நான் படித்த பயிற்சி வகுப்பின் மாதிரித் தேர்வில் வந்த கணக்கு இது. மூன்று முக்கோணங்கள். முதலாவதின் மூலைகளில் 6, 2, 4, நடுவில் 24. இரண்டாவதில் 5, 4, 3, நடுவில் 30. மூன்றாவதில் 7, 2, 9, நடுவில் கேள்விக்குறி. விடைகள் 18, 36, 63, 126.

முதல் முக்கோணத்தைப் பார்த்ததும் 6+2+4=12, இரண்டால் பெருக்கினால் 24 என்று பிடித்துக்கொண்டேன். மூன்றாவதில் கூட்டல் 18, இருமடங்கு 36. விடையில் 36 இருக்கிறது, வட்டத்தைக் கருப்பாக்கியாகிவிட்டது. சரியான விடை 63.

மறுநாள் காலை சேரன்மகாதேவியில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறினேன். என்னோடு படிக்கும் அக்கா கல்லிடைக்குறிச்சியிலேயே ஏறி, எனக்கும் இடம் போட்டு வைத்திருப்பாள். கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தவள், “ரெண்டாவது படத்த எதுக்குட்டி போட்டிருக்கான், அழகுக்கா?” என்றாள்.

அப்புறம் பேனாவை எடுத்து ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டே எண்கள் எழுதினாள்: கூட்டினால் என்ன, பெருக்கினால் என்ன. முதல் படத்துக்கு 12, 48. இரண்டாவதுக்கு 12, 60. எழுதி முடித்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. கூட்டுத்தொகை இரண்டிலும் 12தான், நடு எண் மட்டும் 24, 30 என்று மாறுகிறது. அப்படியானால் கூட்டலை மட்டும் வைத்து எந்த விதி போட்டாலும் ஒத்துவராது. 48-இல் பாதி 24, 60-இல் பாதி 30. பெருக்கிப் பாதியாக்கு, அவ்வளவுதான். 7×2×9=126, பாதி 63.

நான் போட்ட 36 தற்செயலாக அங்கே உட்காரவில்லை. முதல் படத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்காகவே வைத்த விடை அது. பெருக்கிவிட்டுப் பாதியாக்க மறந்தவர்களுக்கு 126, கூட்டியதோடு விட்டவர்களுக்கு 18. கேள்வி எடுத்தவர் லேசுப்பட்டவர் இல்லை.

இரண்டு வாரம் இந்தக் கீழே எழுதும் வேலை நன்றாக ஓடியது, வட்டம் வரும்வரை. மேலே 7, வலப்பக்கம் 5, கீழே 3, இடப்பக்கம் 2, நடுவில் 11. கூட்டினால் 17, பெருக்கினால் 210, இரண்டுக்கும் 11-க்கும் ஒட்டு உறவே இல்லை. முக்கோணக் கணக்கில் எந்த எண் எந்த மூலையில் இருந்தாலும் விடை மாறாது. இங்கே இடம் முக்கியம். நான் 7×2−3=11 என்று ஒன்றைப் பிடித்தேன். வலப்பக்க 5 சும்மா நிற்கிறதே என்று உறுத்தியது. அடுத்த வட்டத்தில் மேலிருந்து அதே வரிசையில் 8, 4, 5, 6, நடுவில் 16. என் விதிப்படி 8×6−5=43 வந்தது, அத்தோடு அதைக் கைவிட்டேன். எதிரெதிர் எண்களைப் பெருக்கிப் பார்த்தபோதுதான் விடிந்தது. 7×3=21, 5×2=10, கழித்தால் 11. 8×5=40, 4×6=24, கழித்தால் 16.

மூன்றாவது வட்டத்தில் நடு எண் 2 கொடுத்துவிட்டு வலப்பக்கத்தை மறைத்திருந்தார்கள். மேலே 6, கீழே 5, இடப்பக்கம் 4. மேலும் கீழும் பெருக்கினால் 30, அதில் 2 போனால் 28, நான்கால் வகுத்தால் 7. பின்னம் வராமல் முழு எண்ணாக வந்ததில் எனக்குப் பரம திருப்தி.

பேட்டை தாண்டும்போது அக்கா, “8-ம் வருமே” என்றாள். 4×8=32, 30-ஐக் கழித்தால் அதே 2. முதல் இரண்டு வட்டத்திலும் மேல்கீழ்ப் பெருக்கல்தான் பெரியது. அதனால் விதி ‘மேல்கீழிலிருந்து பக்கத்தைக் கழி’ என்பதா, ‘பெரியதிலிருந்து சிறியதைக் கழி’ என்பதா என்று படத்தை வைத்துச் சொல்லவே முடியாது. டவுன் ஸ்டேஷன் வரும்வரை வாதாடினோம். கடைசியில் விடைகளைப் பார்த்தோம். 5, 6, 7, 9. எட்டு இல்லை.

“இத முதல்லயே பாத்திருக்கலாம்லாட்டி” என்று சிரித்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டினாள்.