போல்ட் எதுவும் அறுந்து போகல, ஆனா ரூஃப் மொத்தமா வந்துச்சு

மத்திய இந்தியாவுல ஒரு பூமிக்கடி நிலக்கரி சுரங்கத்துல ஒரு பகுதிக்குப் பொறுப்பான ஓவர்மேனா இருந்தப்ப, ஒரு ஜூலை மாச நைட் ஷிஃப்ட்ல நடந்தது இது. அன்னைக்கு நான் எழுதின ரிப்போர்ட்ல பாதிப் பக்கம்தான் இருக்கும், ஆனா அந்தப் பாதிப் பக்கத்தை எழுதறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு யார்கிட்டயாவது சொல்லணும்னு ரொம்ப நாளா தோணுது.

எங்க செக்‌ஷன்ல நிலக்கரியைத் தூண் தூணா விட்டு நடுவுல கேலரின்னு பாதை வெட்டுற முறைதான், கேலரி அகலம் 4.2 மீட்டர். ரெண்டு கேலரி குறுக்க வெட்டிக்கிற ஜங்ஷன்ல மூலைக்கு மூலை அளந்தா கிட்டத்தட்ட 6 மீட்டர் வரும், கேலரியில இருக்கிறத விட அங்க ரூஃப் ரொம்ப நீளத்துக்கு அந்தரத்துல நிக்குது, அதனால விழுந்தா பெரும்பாலும் ஜங்ஷன்லதான் விழும். போதாததுக்கு மழைக்காலம், மேலேர்ந்து வர்ற ஈரக் காத்து ஷேல்ங்கிற களிமண் பாறை ரூஃப்ல பட்டு பட்டு அது ஏடு ஏடா உரிய ஆரம்பிச்சிருந்துச்சு.

ராத்திரி ரெண்டு மணி வாக்குல எனக்குக் கீழ ஆட்களைப் பார்த்துக்கிற சர்தார் ஆள் அனுப்பினார், ஜங்ஷன்ல சின்னச் சின்னத் துண்டா கொட்டுது, மர முட்டு ஒண்ணு முனகுதுன்னு. போய் தள்ளி நின்னே கம்பியால தட்டிப் பார்த்தேன், நல்ல ரூஃப்னா கணீர்னு கேக்கும், இது பொத்துன்னு கேட்டுச்சு. லோடர் மிஷினை அப்படியே நிறுத்திட்டு எல்லாரையும் வெளிய எடுத்துட்டு ரெண்டு பக்கமும் தடுப்பு கட்டச் சொன்னேன். 2:20க்கு விழுந்துச்சு. சத்தத்தை விட அந்தக் காத்துதான் இன்னும் ஞாபகம் இருக்கு, தூசியோட மூஞ்சில அறைஞ்சுது, கேப் லேம்ப் வெளிச்சம் ஒரு முழம் கூட போகல.

என் செக்‌ஷன்ல என்னையும் சேர்த்து 23 பேர், தலை எண்ணினா 22தான். திரும்ப எண்ணினேன், 22. பம்ப் ஓட்டுறவர் இல்ல. அவர் சுரங்கம் சரிஞ்சு இறங்குற டிப் பக்கம் தண்ணி தேங்குற இடத்துல இருக்கணும், ஆனா டீ குடிக்க இந்த வழியாத்தான் வருவார்னு எல்லாருக்கும் தெரியும். போன் அடிச்சா எடுக்கல. விழுந்த கல்லு மேல ஏறிப் போய்ப் பார்க்கலாம்னு ரெண்டு பசங்க கிளம்பிட்டாங்க, சட்டையப் பிடிச்சு இழுத்து நிறுத்தினேன், மேல இன்னும் எவ்ளோ தொங்குதுன்னு யாருக்கும் தெரியாது. சர்தாரையும் இன்னொருத்தரையும் காத்து வெளிய திரும்பிப் போற ரிட்டர்ன் கேலரி வழியா சுத்தி அனுப்பினேன். திரும்பி வர 25 நிமிஷம் ஆச்சு. மூணு பேரா வந்தாங்க. பம்ப் சத்தத்துல போனும் கேக்கல, விழுந்ததும் கேக்கலன்னார். என் கை நடுங்கினத நான் மறைக்கல.

விடிஞ்சதும் மேனேஜர், சர்வேயர் எல்லாம் வந்து பார்த்தப்பதான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. சுமார் 40 கன மீட்டர் கல்லு, கிட்டத்தட்ட 90 டன். ரூஃப்ல விழுந்த குழியோட உயரம் 1.9 மீட்டர், ரூஃபைத் தாங்க ஓட்டை போட்டு நாங்க உள்ள இறக்கின இரும்புக் கம்பி, அதான் போல்ட், 1.5 மீட்டர். கீழே கிடந்த கல்லுல போல்ட் எல்லாம் பிளேட்டோட, நட்டோட குத்திட்டு அப்படியே நின்னுச்சு, ஒண்ணு கூட அறுந்து போகல, உருவிட்டும் வரல. இழுத்துப் பார்க்கிற டெஸ்ட்ல ரெண்டு மணி நேரத்துல 5 டன் தாங்கணும், அதெல்லாம் தாங்கினதுதான். போல்ட் அடுக்குகளை ஒண்ணா சேர்த்துத் தைச்சு ஒரே உத்திரம் மாதிரி ஆக்கிடுச்சு, ஆனா தையலுக்கு மேல ஷேலும் மணற்கல்லும் சேருற இடத்துல பிரிஞ்சு, தைச்ச உத்திரமே மொத்தமா இறங்கிடுச்சு.

அந்த ஜங்ஷன்ல ரூஃப் இறங்குதான்னு காட்டுற டெல்டேல் கருவி இருந்துச்சு. அதுல ஒரு குறி போல்ட் நீளத்துக்குள்ள நடக்கிற அசைவைக் காட்டும், இன்னொண்ணு போல்ட்டுக்கு மேல நடக்கிறதை. நான் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பார்த்தது முதல் குறியைத்தான், அது அசையவே இல்ல. மேல நடக்கிறதைக் காட்டுற குறி நாலு நாள்ல 5 மில்லிமீட்டர் இறங்கியிருந்துச்சு, புத்தகத்துலயும் எழுதியிருந்தோம், நானும் கையெழுத்து போட்டிருக்கேன், யாரும் அதைப் பத்திப் பேசல. போல்ட் சரியா போட்டிருக்கோம்ங்கிற தைரியம்தான் காரணம், அதை நான் இன்னும் ஜீரணிக்கல.

ரிப்போர்ட்ல ரூஃப் நிலைமை, விழுந்த அளவு, இருந்த சப்போர்ட் எல்லாம் எழுதிட்டு, ஆட்கள்ங்கிற இடத்துல 23ன்னு மட்டும் எழுதிட்டுப் போயிருக்கலாம். 2:20க்கு 22, 2:50க்கு 23ன்னு எழுதினேன். நடுவுல அந்த அரை மணி நேரம் எதுக்குன்னு ஒரு ஆபீசர் கேட்டார், இருந்ததை எழுதினேன் சார்னு சொன்னேன். அப்புறம் அங்க ஜங்ஷன்களுக்கு 2.4 மீட்டர் போல்ட் போட்டாங்க, மூலைகள்ல ஸ்லீப்பர் கட்டை அடுக்கி ரூஃபைத் தாங்குற சாக் கட்டினாங்க, பம்ப் பக்கத்துல சிவப்பு லைட்டோட போன் வந்துச்சு.

அன்னைக்கு அந்த பம்ப்காரர் தண்ணி குடிச்சுட்டு என்கிட்ட வந்து முதல்ல கேட்டது, "சாப், பம்ப் ஓடிட்டே இருக்கு, யாராவது பார்க்கணுமே".