வரிக்கோடு வராத வானம்

மே 3, 2025, சனி

கீழக்குயில்குடி. சமணர் மலை அடிவாரத்து ஆலமரத்தடியில் ஆடு மேய்க்கும் பெரியவரைப் படம்பிடித்தோம். உச்சி வெயிலுக்குத்தான் அவர் ஆடுகளை நிழலில் மடக்கிவிட்டு உட்காருவார். பேட்டிக்கு அதை விட்டால் வேறு நேரம் கிடையாது.

அவர் முகம் நிழலில், பின்னால் வெள்ளை மேகம். முகம் தெரிய வேண்டுமென்று லென்ஸை f/2.8 வரை திறந்தேன். பிரகாசம் குறித்த அளவைத் தொட்ட இடத்தில் திரையில் வரிக்கோடு காட்டும் ஜீப்ராவை, கேமராவில் 100+ என்று, அதாவது நூறு சதவீதத்துக்கு, வைத்திருந்தேன். வானம் விவரமே இல்லாமல் வெளுத்து எரிந்தால் அந்த இடத்தில் வரிக்கோடு ஓடும் என்ற தைரியம். கடைசி வரை ஒரு கோடுகூட வரவில்லை.

ராத்திரி வீட்டில் போட்டுப் பார்த்தால் வயிறு எரிகிறது. மேகமே இல்லை, வெறும் வெள்ளைத் தகடு. வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன். வெள்ளை சாம்பலாக மாறியதே தவிர, மேகத்தின் மடிப்பு ஒன்றுகூடத் திரும்பவில்லை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று தொடக்கம். மொட்டை மாடியில் அரை மணி நேரம் இந்த ஒன்றை மட்டும் சோதித்தேன்.

நேற்றைய காட்சிகளின் ஹிஸ்டோகிராமிலேயே, இருட்டு இடதிலும் வெளிச்சம் வலதிலும் குவியும் அந்த வரைபடத்திலேயே, தடயம் இருந்தது. வலதுபக்கம் சுவர் மாதிரி ஒரு கோடு நெட்டுக்குத்தாக நிற்கிறது. ஆனால் அது விளிம்பில் ஒட்டவில்லை. அதைத் தாண்டி கொஞ்சம் காலியிடம். காலியிடத்தைப் பார்த்து இன்னும் இடம் இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். அந்தச் சுவர்தான் எல்லை.

நான் எடுப்பது S-Log3, வெளிச்சம் நிழல் இரண்டின் விவரமும் தங்கும்படி சிக்னலை அமுக்கிப் பதியும் சோனியின் லாக் முறை. அதில் ISO 800-ல் என் கேமராவின் சென்சார் நிரம்பும்போது சிக்னல் 94 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிடுகிறது. நூறைத் தொடவே தொடாது. 100+ ஜீப்ரா பிறகு எப்படி வரும்?

கண்டுபிடித்த விதம் சுலபம். கேமராவை வானத்துக்குத் திருப்பி, லென்ஸை வேண்டுமென்றே முழுசாகத் திறந்து, வானத்தை எரியவிட்டேன். அப்புறம் ஜீப்ராவின் கீழ் எல்லையை 100, 99, 98 என்று ஒவ்வொன்றாக இறக்கினேன். 95 வரை ஒன்றுமில்லை. 94-ல் திரை முழுக்க ஒரே நேரத்தில் கோடு ஓடியது. இனி 94+ தான். வேறு கேமரா, வேறு லாக் என்றால் எண் மாறும். அதையும் இப்படியே பிடித்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ISO-வை 800-க்குக் கீழே இறக்கினால் அந்த எல்லையும் இறங்கிவிடும்.

மே 6, செவ்வாய்

அதே மரம், அதே நேரம். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, ISO 800, லென்ஸ் முன்னால் வெளிச்சத்தை 64-ல் ஒரு பங்காகக் குறைக்கும் ND64 கண்ணாடி. முதலில் f/8. வானத்தில் கோடு இல்லை; ஆனால் முகம் கருப்பு, ஹிஸ்டோகிராம் மொத்தமும் இடதுபக்கம் குவிந்துகிடக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். f/4-ல் வெயில் பட்டு மின்னிய மேக விளிம்பில் மட்டும் கோடு நெளிந்தது. மூன்றில் ஒரு ஸ்டாப் மூடி f/4.5 வைத்ததும் போய்விட்டது. அங்கேயே நிறுத்தினேன்.

அந்த விளிம்பு ஹிஸ்டோகிராமில் வெறும் மயிரிழைதான். அத்தனை சின்ன இடம் அதில் கண்ணில் படாது. எங்கே எரிகிறது என்று சொல்வது ஜீப்ரா. முகம் எவ்வளவு பள்ளத்தில் கிடக்கிறது என்று சொல்ல ஹிஸ்டோகிராம் வேண்டும்.

முகத்துக்கு இன்னும் வெளிச்சம் தேவைப்பட்டது. இனி லென்ஸைத் திறந்தால் மேகம் போகும். மாப்பிள்ளையை வெயிலில் நிறுத்தி, தெர்மாகோல் அட்டையைப் பெரியவர் பக்கம் சாய்க்கச் சொன்னேன். இடது குவியலில் ஒரு பகுதி நடுவை நோக்கி நகர்ந்தது. ஆனால் பெரியவர் கண்ணைச் சுருக்கினார். “தம்பி, கண்ணு கூசுதுய்யா.” அட்டையை ரெண்டு எட்டு பின்னால் தள்ளினோம். அப்போது வெளிச்சம் பற்றவில்லை. கடைசியில் ட்ரைபாடைத் தூக்கி, நாலடி நகர்த்தி வைத்தேன். அவருக்குப் பின்னால் இப்போது பாறை; வானம் மேலே ஒரு பட்டை அளவுதான். முகத்துக்கும் பின்னணிக்கும் இருந்த வித்தியாசம் பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

தாமரைக்குளத்துத் தண்ணீரில் வெயில் மின்னிய இடங்களில் மட்டும் கோடு விடாமல் ஓடியது. அதை விட்டுவிட்டேன். தண்ணீர் மினுக்கம் வெள்ளையாகத்தான் இருக்கும். அதைக் காப்பாற்றப் போனால் படம் முழுக்க இருட்டாகும்.

மே 7, புதன்

கணினியில் பார்த்தாயிற்று. மேகத்தின் அடிவயிற்றுச் சாம்பல்கூட இருக்கிறது. முகத்தின் வெளிச்சத்தைத் தூக்கும்போது நிழலில் கொஞ்சம் புள்ளி தெரிகிறது, பொறுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை பேச்சில் அவர் ஆட்டுக்குட்டிக்குப் பேர் வைத்த கதை இருந்தது. இரண்டாம் முறை அதைச் சொல்லவில்லை. அந்த ஒலியை மட்டும் எடுத்து, ஆடுகள் படுத்திருக்கும் காட்சிமேல் போடப் போகிறேன்.