கம்பவுண்டர் வேடம்

மெடிக்கல் ரெப் வேலைக்கான நேர்காணலில் படிப்பு என்ன, சொந்த ஊர் எது, பைக் இருக்கிறதா என்ற விசாரணையெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆளை எடைபோடுவது அதற்குப் பிறகு நடக்கும் நாடகத்தில்தான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் திடீரென்று டாக்டராகிவிடுவார். வந்தவர் கையில் மருந்தைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, "இந்த மாத்திரையை என்னை எழுத வையுங்கள்" என்பார்.

மதுரையில் ஒரு லாட்ஜின் சிறிய ஹாலில் எங்கள் கம்பெனி ஆள் எடுத்தபோது டாக்டர் வேடம் எங்கள் மண்டல மேலாளருக்கு. மனிதர் வேடத்தில் குறை வைக்கமாட்டார். லாட்ஜ் பையனிடம் வெள்ளை டர்க்கி டவல் ஒன்று வாங்கி நாற்காலியின் முதுகில் விரித்துக்கொண்டார். டவல் இல்லாத நாற்காலியில் எந்த டாக்டர் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவர் வாதம். மூக்குக் கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியது. எனக்கு கம்பவுண்டர் வேடம். வாசலில் நின்றுகொண்டு, "ரெப்பெல்லாம் ஒன்பது மணிக்கு மேல்தான். டாக்டர் இரண்டு பேரைத்தான் பார்ப்பார்" என்று விறைப்பாகச் சொல்ல வேண்டும். இருபது வருடமாக இதே வசனத்தைக் கேட்டுக் கேட்டு நொந்தவன் நான். அதை நானே சொல்லும் வாய்ப்பு வந்தபோது உள்ளுக்குள் எழுந்த மகிழ்ச்சி கொஞ்சம் அற்பமானதுதான்.

அன்றைய சரக்கு பான்டோபிரசோல் 40 மில்லிகிராம். நெஞ்செரிச்சலுக்கும் புளித்த ஏப்பத்துக்கும் ஊர் முழுக்க எழுதப்படும் மாத்திரை. இதே மருந்தை எத்தனையோ கம்பெனிகள் விற்பதால், நம் அட்டையை எடுத்துக் காட்டுவதில் டாக்டருக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ரெப்பின் திறமை தெரிய இதைவிட நல்ல மருந்து கிடையாது.

முதலில் வந்த தம்பி படப் புத்தகத்தை வரி தவறாமல் மனப்பாடம் செய்திருந்தான். "குட் ஈவினிங் டாக்டர்" என்று தொடங்கி, கண்ணை முக்கால்வாசி மூடியபடி ஒப்பித்தான். காலை பத்தரை மணி என்பதை நாங்கள் பொருட்படுத்தவில்லை. பாதியில் மேலாளர் கைப்பேசியை எடுத்து, "சொல்லுங்கள், பிரஷர் எவ்வளவு?" என்று யாருடனோ பேசுவதுபோல் நடித்தார். நிஜ டாக்டர் அறையில் தினமும் நடப்பதுதான் இது. ரெப்புக்குக் கிடைப்பதே ஓரிரு நிமிடம்; அதையும் தொலைபேசி விழுங்கும். பேச்சு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து ஒரே வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லி முடிப்பவன்தான் தேறுவான். தம்பி திகைத்து நின்றான். கைப்பேசி கீழே வைக்கப்பட்டதும் மூச்சை இழுத்துக்கொண்டு, "குட் ஈவினிங் டாக்டர்" என்று முதலிலிருந்து தொடங்கினான்.

அடுத்தவர் அனுபவசாலி; ஏற்கெனவே வேறு கம்பெனியில் பை தூக்கியவர். "புத்தம் புதிய மருந்து டாக்டர். முழுக்கப் பாதுகாப்பானது. பக்க விளைவே கிடையாது" என்று அடித்துவிட்டார். மேலாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பக்க விளைவே இல்லையா?"

"அறவே இல்லை டாக்டர்."

"அப்படியென்றால் விளைவும் இருக்காதே?"

வேடிக்கையாகக் கேட்டாலும் அவர் பிடித்த இடம் சரியானது. 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நடத்தை விதிகளில் இந்த மூன்று வாக்கியங்களுக்கும் தடை இருக்கிறது. இந்தியாவில் ஓராண்டுக்கு மேல் பரவலாகக் கிடைக்கும் மருந்தைப் 'புதியது' என்று சொல்லக் கூடாது. விளக்கம் இல்லாமல் 'பாதுகாப்பானது' என்று சொல்லக் கூடாது. பக்க விளைவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் கூடாது. பான்டோபிரசோலில் சிலருக்குத் தலைவலியும் வயிற்றுப்போக்கும் வரும். நெடுங்காலம் சாப்பிட்டால் ரத்தத்தில் மெக்னீசியம் குறையலாம். இதை டாக்டர் அறிவார். அறிந்தவரிடம் இல்லை என்று சாதிக்கும் ரெப்பின் அடுத்த சொல்லை அவர் ஏன் நம்பப் போகிறார்?

மதியத்தை நெருங்கும்போது அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தது. பி.பார்ம். முடித்து முதல் நேர்காணல். வாசலில் நான் என் வசனத்தை விறைப்பாகச் சொன்னேன். "சரி அண்ணே, டாக்டர் கூப்பிடும்போது சொல்லுங்கள்" என்று ஓரமாக நின்றுகொண்டது. வாதாடவில்லை, கெஞ்சவுமில்லை. கம்பவுண்டர் மனம் உடனே இளகிவிட்டது.

உள்ளே போனதும் மேலாளர் முந்திக்கொண்டார். "நான் ஓமிபிரசோல்தான் எழுதுகிறேன். விலை குறைவு, நன்றாகக் கேட்கிறது. உன்னுடையது எதற்கு?"

மற்றவர்கள் இந்த இடத்தில் ஓமிபிரசோலைத் திட்டத் தொடங்குவார்கள். டாக்டர் தினமும் எழுதும் மருந்தைத் திட்டுவது அவரையே திட்டுவதுபோல. இந்தப் பெண் புத்தகத்தைத் திறக்காமல் ஒரு கேள்வி கேட்டது. "நல்ல மருந்துதான் டாக்டர். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்கக் குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்கள் உங்களிடம் வருகிறார்களா?"

"வருகிறார்கள். அதற்கென்ன?"

"குளோபிடோக்ரல் கல்லீரலில் போய் மாறிய பிறகுதான் வேலை செய்யும். அதை மாற்றும் நொதியை ஓமிபிரசோல் தடுக்கிறது. சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்று 2009-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. பான்டோபிரசோலில் அந்தத் தடுப்பு குறைவு. எல்லோருக்கும் மாற்றச் சொல்லவில்லை டாக்டர். இவர்களுக்கு மட்டும் எழுதிப் பாருங்கள்."

எல்லோருக்கும் எழுதுங்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் எழுத மாட்டார்கள். இந்த நோயாளிக்கு என்று குறிப்பாகக் கேட்டால், அப்படி ஒருவர் வந்து உட்காரும்போது டாக்டருக்கு நம் மாத்திரை நினைவுக்கு வரும். இதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்து மண்டையில் ஏற்றுவதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிடும்.

அதோடு நாடகம் முடிந்திருக்க வேண்டும். மேலாளர் முடிக்கவில்லை. மேசைமீது முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சாப்பிட்ட பிறகு போட்டால் கேட்காதா?"

"காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால் நல்லது டாக்டர். சாப்பாடு வரும்போதுதான் வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகள் வேலை தொடங்கும். அதற்குள் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். மேல்பூச்சு உள்ள மாத்திரை, கடிக்காமல் விழுங்க வேண்டும்."

"ராத்திரி பரோட்டா சாப்பிட்டுவிட்டு, பன்னிரண்டு மணிக்கு நெஞ்சு எரியும்போது போட்டால்?"

பெண் ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தது. "இது உங்கள் நோயாளி கேட்ட கேள்வியா டாக்டர்?"

நான் கதவுப் பக்கம் திரும்பி இருமினேன். மேலாளர் டவலைச் சரிசெய்துகொண்டு, "ஆமாம், ஒரு பழைய நோயாளி" என்றார். "அப்படியானால் பரோட்டாவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடச் சொல்லுங்கள். அடிக்கடி எரிந்தால் அவரை நேரில் வரச் சொல்லிப் பாருங்கள்" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு எழுந்த பெண் கடைசியாக, "கீழே மருந்துக் கடையில் கேட்டுவிட்டேன் டாக்டர், பான்டோபிரசோல் 40 இருக்கிறது. நம் பிராண்டு மட்டும் இல்லை, வரவழைக்க வேண்டும்" என்றது.

உண்மையாகவே கேட்டிருந்தது. காத்திருந்த நேரத்தில் லாட்ஜுக்குக் கீழே இருக்கும் கடைக்குப் போய் விசாரித்திருக்கிறது. டாக்டரைப் பார்க்குமுன் மருந்துக் கடையைப் பார் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். டாக்டர் எழுதிய சீட்டு கடையில் திரும்பிவிட்டால், மறுமுறை எழுத அவருக்குக் கை வராது. வேலை அந்தப் பெண்ணுக்குத்தான் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

சாப்பிடப் போகும் வழியில் மேலாளர் அந்தக் கடையில் நின்றார். ஸ்டாக் விவரத்தைச் சரிபார்க்கிறாராம். சரிபார்த்த பிறகு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பான்டோபிரசோல் 40, ஒரு அட்டை" என்றார். கேட்டால் கொடுத்துவிடும் கடைகள்தான் ஊரில் அதிகம். இந்தக் கடைக்காரர் வேறு ரகம்.

"டாக்டர் சீட்டு இருக்கிறதா சார்?"

காலையிலிருந்து டாக்டராகவே இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கம்பவுண்டரால் அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.