ஒன்றரை லட்சம் என்று கடிதத்தில் இருந்தது

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்வி நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்தில் எனக்கு வேலை. மானியக் கோப்புகள், பயணப் பில்கள், தணிக்கைக் கேள்விகள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். இரண்டு வருடங்களுக்கு முன் புவியியல் துறையின் ஆய்வு மாணவி ஒருவர் கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். வியன்னாவில் ஏப்ரலில் நடக்கும் மாநாட்டில் கட்டுரை வாசிக்க அவருக்கு மத்திய அரசின் பயண மானியம் கிடைத்திருந்தது. உச்சவரம்பு 1,50,000 ரூபாய்.

"சார், மொத்தம் ஒண்ணே முக்கால், ஒண்ணு தொண்ணூறு ஆகும்போல. மானியம் போக நாற்பதாயிரம்தான் கையிலிருந்து. அப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். சிக்கனவகுப்பு விமானக் கட்டணம் மிகக் குறுகிய வழியில், மாநாட்டுப் பதிவுக் கட்டணம், விசா கட்டணம். இந்த மூன்று மட்டுமே தலைப்புகள். தங்குமிடம் இல்லை, சாப்பாடு இல்லை. அவரை உட்காரச் சொல்லி ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டேன். இடது பக்கம் செலவு, வலது பக்கம் அதில் மானியம் ஏற்கும் தொகை.

யூரோவை 95 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். சென்னையிலிருந்து போய்வர விமானம் 68,000. வலது பக்கமும் 68,000. பதிவுக் கட்டணம் 420 யூரோ, அதாவது 39,900. ஆனால் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பணம் கட்டினால் வங்கி மூன்றரை சதவீதம் மேலே எடுக்கும், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. அது 1,648. மாநாடு தரும் ரசீதில் 420 யூரோதான் இருக்கும், ஆகவே வலது பக்கத்தில் 39,900 மட்டுமே எழுதினேன். விசா கட்டணம் 90 யூரோ, 8,550 ரூபாய். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் 2,000 என்று வைத்தோம். இதை விசா கட்டணமாக ஏற்பார்களா என்பது பார்ப்பவரைப் பொறுத்தது, அதனால் வலது பக்கம் 8,550 மட்டும். சந்தேகமான தொகையை மானியக் கணக்கில் சேர்க்காமல் விடுவது என் வழக்கம்.

ஆஸ்திரியா உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவச் செலவை ஈடு செய்யும் காப்பீடு கட்டாயம். அதற்கு 1,500. ஆறு இரவு தங்க, இரவுக்கு 75 யூரோ வீதம் 42,750. சாப்பாடும் ஊருக்குள் போக்குவரத்தும் நாளைக்கு 40 யூரோ, ஆறு நாளுக்கு 22,800. விசாவுக்குக் கைரேகை கொடுக்கச் சென்னை போய் வருவது, பயண நாளில் விமான நிலையம் வரை போவது, இரண்டுக்கும் சேர்த்து 5,000. இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள், தென் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது சின்னத் தொகையும் இல்லை. இந்த வரிகள் எதற்கும் வலது பக்கத்தில் ஒன்றும் இல்லை.

கூட்டினோம். இடது 1,92,148. வலது 1,16,450. வித்தியாசம் 75,698.

அவர் முகம் வாடிவிட்டது. ஒன்றரை லட்சம் என்பது மேலே போட்ட கூரைதான். அந்தத் தொகை அப்படியே கைக்கு வராது, தலைப்புகளுக்குள் உண்மையாகச் செலவானதுதான் வரும், அதுவும் கூரையைத் தாண்டாமல். மொத்தச் செலவிலிருந்து உச்சவரம்பைக் கழிப்பதுதான் இந்தக் கணக்கில் அடிக்கடி நடக்கும் தவறு. கடிதம் சொல்வது புரியாமலில்லை, முதல் பக்கத்தில் எண் இருக்கிறது, இரண்டாம் பக்கத்தில் விதி இருக்கிறது, மகிழ்ச்சியில் முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறோம்.

அப்புறம் அவர் ஒரு யோசனை சொன்னார். மாநாட்டுக்காரர்கள் இளம் ஆய்வாளர்களுக்குப் பதிவுக் கட்டணத்தை விலக்குகிறார்களாம், விண்ணப்பிக்கலாமா என்று. கேட்க நல்லதாக இருந்தது. ஆனால் தாளைப் பார்த்தால் விடை வேறு. பதிவுக் கட்டணத்தை மானியம் ஏற்கனவே ஏற்கிறது. விலக்கு கிடைத்தால் இடது பக்கத்தில் 41,548 குறையும், வலது பக்கத்தில் 39,900 குறையும். அவருக்கு மிச்சமாவது 1,648 மட்டுமே. ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் உதவி வாங்குவதால் பயனில்லை, ஒரே பில்லை இரண்டு இடத்தில் காட்டவும் கூடாது. உதவி கேட்பதென்றால் வலது பக்கம் காலியாக இருக்கும் வரிக்குக் கேட்க வேண்டும், தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும்.

அதன்படியே எங்கள் நிறுவனத்தின் மாணவர் பயண நிதிக்கு விண்ணப்பம் போட்டோம். தங்கவும் உண்ணவும் 40,000 வரை, பில்லுக்கு ஏற்ப. வேறு ஊர் மாணவி ஒருவரோடு அறையைப் பகிர்ந்ததில் இரவுக்கு 45 யூரோ ஆனது, 17,100 குறைந்தது. தங்குமிடமும் சாப்பாடும் சேர்ந்து 48,450 வந்ததால் நிறுவனம் முழு 40,000-ஐயும் கொடுக்க இடமிருந்தது. கையிலிருந்து போவது 18,598 என்று நின்றது.

டிக்கெட்டில் ஒரு சிக்கல் வந்தது. தனியார் இணையதளம் ஒன்றில் 6,000 ரூபாய் குறைவாக இருக்கிறது, வாங்கிவிடட்டுமா என்று ஒரு இரவு போன் செய்தார். வேண்டாம் என்றேன். அந்தக் கடிதத்தின்படி பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. என்ற மூன்று முகவர்களில் ஒருவரிடம்தான் வாங்க வேண்டும். மத்திய அரசுப் பணத்தில் பறக்கும் பயணங்களுக்கு 2022-லிருந்து இந்த மூவர்தான். வேறு இடத்தில் வாங்கினால் 6,000 மிச்சப்படுத்தப் போய் முழு விமானக் கட்டணத்தையும் இழக்க நேரலாம். முன்பு ஒரு ஆசிரியருக்கு அது நடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவருடைய பில் எட்டு மாதம் மேஜை மேஜையாகச் சுற்றிக் கடைசியில் திரும்பி வந்தது.

விசா வர இழுத்ததில் டிக்கெட் 74,000 ஆனது. இங்கேதான் கூரையில் மிச்சமிருந்த இடம் உதவியது. வலது பக்கம் 1,22,450 ஆனது, ஒன்றரை லட்சத்துக்கு இன்னும் தூரம், ஆகவே ஏறிய 6,000-ஐ மானியமே ஏற்றது. இதே ஏற்றம் அறை வாடகையில் நடந்திருந்தால் அவர் தலையில்தான் விழுந்திருக்கும். மாநாடு முடிந்து இரண்டு நாள் பிராகா பார்த்துவிட்டு வரலாமா என்றும் கேட்டார். போகலாம், ஆனால் மாநாட்டுத் தேதியில் நேராகத் திரும்பினால் என்ன கட்டணம் என்று டிக்கெட் வாங்கும் அன்றே முகவரிடம் எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். இரண்டில் எது குறைவோ அதுதான் ஏற்கப்படும், பின்னால் அந்த விலையை நிரூபிக்க வழியிருக்காது. அவர் பிராகா போகவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய சிரமம் அந்தத் தாளில் இல்லாதது. மானியம் திரும்பி வந்து பில் கொடுத்த பிறகுதான் வரும். 18,598 என்பது கடைசியில் நிற்கும் கணக்கு. நடுவில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் யாராவது போட்டாக வேண்டும். டிக்கெட்டுக்கு மட்டும் நிறுவனத்தில் முன்பணம் வாங்கிக் கொடுத்தேன். மீதியை வீட்டில் நகை வைத்துத்தான் புரட்டினார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அதன் வட்டிக்கு எந்த விதியிலும் தலைப்பு கிடையாது. அன்றிலிருந்து தாளில் மூன்றாவது பத்தி ஒன்று போடுகிறேன், "எந்தத் தேதியில் யார் கையிலிருந்து" என்று.

ஊர் திரும்பியதும் பில்களோடு வந்தார். எல்லாம் சரி, வரும்போது பறந்த விமானத்தின் போர்டிங் பாஸ் மட்டும் இல்லை. செல்போன் செயலியில் இருந்தது, பயணம் முடிந்ததும் மறைந்துவிட்டது. விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிப் பயணம் செய்ததற்கான சான்று வாங்கினோம். பணம் சொன்ன காரியத்துக்கே செலவானது என்னும் பயன்பாட்டுச் சான்றிதழோடு கோப்பை அனுப்பினேன். நான்கு மாதம் கழித்துப் பணம் வந்தது, நகையையும் மீட்டார்கள்.