ஏழாம் அத்தியாயத்தில் கதவைத் திறந்தது யார்?

வேலூரில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் கைப்பிரதி திருத்துவது என் வேலை. வாலாஜா பக்கத்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் நாவலை எடுத்துக்கொண்டு வந்தார். ராணிப்பேட்டை டேனரியில் வேலை பார்த்த ஏழுமலை, அவருடைய மகன் குமரன். கதை 1987க்கும் 2021க்கும் நடுவே போய்ப்போய் வரும். நடை நன்றாக இருந்தது. ஏழாம் அத்தியாயத்தில்தான் சிக்கல்.

எனக்கு அது முதலில் தெரியவில்லை. கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்தவன் நான். வழி தெரிந்தவனுக்கு எந்தத் திருப்பமும் திருப்பமாகத் தெரியாது. மெய்ப்பு பார்க்கும் அக்கா மூன்றாம் பக்கம் வந்ததும் ஒரு பக்கம் பின்னால் புரட்டினார், மறுபடி முன்னால் வந்தார், மறுபடி பின்னால் போனார். "இன்னாங்க இது, அப்பாவுக்குப் பொண்டாட்டியா, புள்ளைக்குப் பொண்டாட்டியா?" என்றார்.

அந்த இடம் இப்படி இருந்தது. 2021 நவம்பர். குமரன் வாலாஜா ரோடு ஸ்டேஷனில் இறங்கி, பாலாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தபடி பாலத்தைத் தாண்டி, ஆற்காட்டில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வருகிறான். "பூட்டைத் தொட்டான். தோல் வாடை இன்னும் போகவில்லை" என்று காட்சி முடிகிறது. அடுத்த வரி: "கதவைத் திறந்தான். தோல் வாடை குப்பென்று அடித்தது. சரோஜா தூங்கிக்கொண்டிருந்தாள்." இது 1987. திறந்தது ஏழுமலை.

ஆசிரியர் இதைச் சினிமா மாதிரி நினைத்திருக்கிறார். அதே கதவு, அதே வாடை, காலம் மட்டும் மாறுகிறது. திரையில் முகமும் சட்டையும் மாறுவதைக் கண் பார்த்துவிடும். எழுத்தில் அது கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே பொருள் இருந்தால், அதே நேரம் தொடர்கிறது என்றுதான் வாசகர் நினைப்பார். தமிழில் இன்னொரு வம்பு: எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். "திறந்தான்" என்றால் ஆண் என்று தெரியும், எந்த ஆண் என்று தெரியாது. ஆக, ஒட்டுகிற பொருளை வைத்துக்கொள்ளலாம். பெயரும் காலமும் அதற்கு முன்னால் வந்துவிட வேண்டும்.

அவரோடு உட்கார்ந்து இப்படி மாற்றினோம்: "1987இல் அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றை ஏழுமலை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார். இரவு ஷிப்ட் முடிந்து ராணிப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். கதவைத் திறந்தார். தோல் வாடை அவரோடு உள்ளே நுழைந்தது." அப்பாவுக்கு "ஆர்", மகனுக்கு "ஆன்" என்று நாவல் முழுக்க வைத்தோம். விகுதியே பாதி வேலையைப் பார்த்துவிட்டது.

கவனித்தால், "கட்டியிருந்தார்", "வந்திருந்தார்" என்று இரண்டு முறை மட்டும் "இருந்தார்" வருகிறது. பின்னால் போகிறோம் என்று சொல்ல அது போதும், பிறகு சாதாரண இறந்தகாலம். அவருடைய பிரதியில் வேறோர் இடத்தில் நான்கு பக்கம் முழுக்க "போயிருந்தார், சொல்லியிருந்தார், அழுதிருந்தாள்" என்று போனது. கல்யாண வீட்டில் மைக் பிடித்தவர் மாதிரி, நிறுத்தவே இல்லை. திரும்பி வரும்போதும் ஒரு கைகாட்டி வேண்டும். "மறுநாள்" என்றால் எந்த நாளுக்கு மறுநாள்? "பூட்டைத் திறந்த மறுநாள் குமரன்" என்று போட்டோம்.

அப்புறம், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு விபத்து. ஆசிரியர் ஒவ்வொரு பத்திக்கும் இரண்டு முறை என்டர் தட்டியிருந்தார். காட்சி மாறும் இடத்திலும் அதே இரண்டுதான். வடிவமைப்பாளர் வேர்டில் வழக்கம்போல இதை ஓட்டினார்:

```
Find what:    ^p^p
Replace with: ^p
```

பத்தி இடைவெளியோடு காட்சி இடைவெளியும் போய்விட்டது. அந்த அத்தியாயத்தின் ஐந்து காட்சிகளும் ஒரே ஓட்டமாக வந்து நின்றன. அதிலிருந்து, பிரதி கைக்கு வந்ததும் காட்சி மாறும் ஒவ்வோர் இடத்திலும் `***` போட்டுவிடுகிறேன். வெறும் இடைவெளி பிழைத்து வந்தாலும் பக்கத்தின் அடியில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, நட்சத்திரம் தெரியும்.

கடைசி மெய்ப்பில் ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். "1987ன்னு எதுக்கு தம்பி? ரேஷன் கார்டுல வடார்க்காடு மாவட்டம்னு இருக்குன்னு ஒரு வரி போட்டா ஆகாதா? குமரன் ஆதார்ல ராணிப்பேட்டை மாவட்டம்."

ஆசை எனக்கும்தான். 1989இல் வடார்க்காட்டைப் பிரித்ததும், 2019இல் ராணிப்பேட்டை தனி மாவட்டமானதும் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். மதுரையில் படிப்பவருக்கு? "ரெண்டும் இருக்கட்டும் சார்" என்றேன். ரேஷன் கார்டு வரி உள்ளே வந்தது, ஆண்டும் நின்றது. அக்கா அந்த அத்தியாயத்தை மறுபடி படித்தார். ஒரு பக்கம்கூடப் பின்னால் புரட்டவில்லை. "சாவி"யில் ஒரு கால் விட்டுப்போயிருந்ததை மட்டும் சுழித்துக் கொடுத்தார்.